ஏழு கூழாங்கல் வழி

சுமை தூக்கும்முன் ராமர் ஏழு கூழாங்கல் பொறுக்கி இடுப்பு மடியின் இடப்பக்கம் செருகிக்கொள்வான். வழியில் ஓரிடத்தில் மூட்டையை இறக்கி மூச்சு வாங்கினால், ஒரு கல் வலப்பக்கம் போகும். ஏழும் போய்ச் சேர்ந்தால் கொடைக்கானல். மலைச்சரிவில் இருக்கும் அவன் ஊர் வெள்ளகவியிலிருந்து ஆரஞ்சு மூட்டையோடு ஏற நாலு மணி நேரம் ஆகும். வெறுங்கையோடு இறங்க ரெண்டே மணி நேரம். கூலி, நடைக்கு ரெண்டு ரூபாய். கடிகாரம் கட்டாதவன் என்றாலும் அவன் சொன்ன நேரம் தப்பியதில்லை.

அந்த வருஷம், ஐம்பத்தெட்டு, அவன் மனைவி வேலுத்தாய்க்குக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்துப் போகலாம், மெதுவாக நடக்கலாம், தையல் மட்டும் இழுபடக் கூடாது என்றார்கள். ஆள் வைத்து டோலியில் தூக்கிப் போகலாம் என்றான் ராமர். நாலு ஆள், பன்னிரண்டு ரூபாய் ஆகும் என்று கேட்டதுமே அவள் முகம் மாறிவிட்டது. தான் படுத்துக் கிடந்ததில் ஏற்கெனவே செலவான காசே அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

"நடந்தா என்னங்க செலவு?"

"காசு ஆகாது. நேரம் ஆகும்."

"நேரம் நம்மகிட்ட கெடக்குல்ல."

வெள்ளனே கிளம்பினார்கள். ராமர் முன்னால், அவன் தோளில் ஒரு கை வைத்து அவள் பின்னால். வேரும் பாறையுமான ஒற்றையடிப் பாதை. இருபது எட்டு நடந்ததும் ஒரு தடவை அவன் உட்காரச் சொன்னான். ஆனால் ஒரு கல்லைக்கூட வலப்பக்கம் மாற்றவில்லை. வளைவுக்கு வளைவு இருமினான்.

"சளி பிடிச்சிருக்கா?"

"குளிருல்ல புள்ள."

பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். தன்னால் அவன் சோலி கெட்டுப் போகிறதே என்று கண் கலங்கினாள். எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டாள். உச்சி வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ராமர் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எப்பவும் ஆவுறதுதான். எனக்கும் எறங்குறப்போ இவ்வளவு ஆகும்."

அவன் அவளிடம் நேரத்தைத் தப்பாகச் சொன்னது அன்றைக்குத்தான். அவள் நம்பிக்கொண்டு எழுந்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்கு வந்தார்கள். ரெண்டு மணி நேர இறக்கத்துக்கு ஒரு பகல் முழுக்க ஆகியிருந்தது. தையல் பிரியவில்லை. பன்னிரண்டு ரூபாய் மிச்சம் பிடித்ததை வேலுத்தாய் ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த மாதம் ராமர் ஆறு நடை கூடுதலாகச் சுமந்தான். வியாபாரி அவசரப்படுத்துகிறார் என்றான்.

அவன் காலமான பிறகுதான் டோலிக்காரர் செல்லப்பாண்டி அவளிடம் சொன்னார். அன்றைக்கு அவரும் மூன்று ஆட்களும் காலி டோலியோடு, அவள் கண்ணில் படாமல் ஒரு வளைவு பின்தங்கியே வந்தார்களாம். இருமல் கேட்டால் அங்கேயே நிற்க வேண்டும், அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் ஓடிவர வேண்டும் என்பது ராமரோடு பேச்சு. தூக்கினாலும் தூக்காவிட்டாலும் நாலு பேருக்கும் ஒரு நாள் பொழுது போனது போனதுதானே என்று, பன்னிரண்டு ரூபாயையும் ராமர் முழுசாகக் கொடுத்திருந்தான்.