சுற்றுப் புத்தகத்தில் நான் எழுதிய வரி

ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோம். யாராவது ஒரு யோசனையைப் போட்டால் போதும், கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழும். படித்தார்களா, படிக்காமலே கட்டைவிரலை நீட்டினார்களா, யாருக்குத் தெரியும்? அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இதையெல்லாம் நாங்கள் அந்தக் காலத்திலேயே மையில் செய்தாயிற்று.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரமடைந்ததற்கு, அடுத்த வருடம் அது. மலாக்காவில், காஜா பேராங் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் நான். வயது இருபத்திரண்டு. புக்கிட் பாருவிலிருந்து பஸ்ஸில் வருவேன், மூக்கு நுனியில் கோபத்தையும் கூட்டிக்கொண்டு. எங்கள் தலைமையாசிரியருக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. "எட்டுப் பேர் ஒண்ணா உக்காந்தா பாசார் மாதிரி ஆயிடுது" என்பார். அதனால் ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். சுற்றுப் புத்தகம் என்று அதற்குப் பெயர். யோசனை உள்ளவர் அதில் எழுதுவார். பணிமூப்புப்படி அது வகுப்பு வகுப்பாகப் போகும். ஒவ்வொருவரும் கீழே தம் கருத்தை எழுதிக் கையெழுத்திட்டு, பக்கத்து அறைக்காரரிடம் தாமே கொடுக்க வேண்டும். கடைசியில் அது தலைமையாசிரியர் மேசைக்குப் போகும். அவர் மட்டும் சிவப்பு மையில் முடிவு எழுதுவார். பக்கங்களுக்கு எண் போட்டிருந்ததால் கிழிக்க முடியாது. எழுதியதை அழிக்கவும் கூடாது. அடித்தால் ஒரே கோடுதான், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும்.

கருத்து இல்லாதவர்கள் "கண்டேன்" என்று எழுதுவார்கள். "கண்டேன்" என்றால் சம்மதம் என்று எப்படியோ வழக்கமாகிவிட்டது. நான்தான் எல்லோருக்கும் இளையவள். என் கைக்குப் புத்தகம் வரும்போது பெரும்பாலும் "கண்டேன்" வரிசைகட்டி நிற்கும், நானும் போட்டுவிட்டுப் போவேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் மூன்றாம் வகுப்பில் புதிதாக மூன்று செட்டிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். மலாக்கா செட்டிகள் காஜா பேராங்கில் பரம்பரை பரம்பரையாக இருப்பவர்கள். கோயிலும் திருநீறும் நம்முடையதுதான், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். மூவரில் மூத்தவள் ஒரு பதினொரு வயதுப் பெண். மலாய்ப் பள்ளியிலிருந்து வந்தவள், நெடுநெடுவென்று வளர்ந்தவள். அவள் அம்மா கெபாயாச் சட்டையும் பாத்தேக் சாரோங்குமாக வந்து, பள்ளி வாசலில் என்னிடம் மலாயில்தான் பேசினாள். கோயிலில் ஐயர் பாடுவது தங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரிவதில்லை, இந்த ஒருத்தியாவது படிக்கட்டும் என்றாள். 

ஒரு மாதம் கழித்துப் புத்தகம் என் அறைக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் எழுதியிருந்தார். பெண்டஹாரா ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அவர். கடையில் உட்காராமல் வாத்தியார் வேலைக்கு வந்தவர். பதினைந்து வருடப் பணி, தலையில் சொங்கோக் தொப்பி ஒரு நாளும் கோணியிருக்காது. அவர் யோசனை இதுதான்: "தமிழ் எழுத்தே தெரியாமல் வந்த மூன்று மாணவர்களையும் முதல் வகுப்பில் உட்கார வைக்கலாம். வாசிக்கத் தெரிந்ததும் வயதுக்கேற்ற வகுப்புக்கு மாற்றலாம்." கீழே ஆறு "கண்டேன்".

அதற்கு முந்தின நாள் மாலைதான் அந்தப் பெண்ணின் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். இப்படி ஒரு பேச்சு அடிபடுவது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் மகள் பள்ளிக்கே வரமாட்டாளாம். "மாலு, சிக்கு" என்றாள். வெட்கமாக இருக்கிறதாம், டீச்சர். மகள் நின்றுவிட்டால் இன்னொரு முறை அனுப்ப வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார் என்றும் சொன்னாள்.

அது மனதில் இருந்தது. ஆறு "கண்டேன்" கண்ணில் பட்டது. சுள்ளென்று ஏறியது எனக்கு. பேனாவை எடுத்தேன்: "கற்பிக்க முடியாதவர் பிள்ளைகளை வேறு அறைக்குத் தள்ளுவது புதிய முறைபோலும்." எழுதி, ஊதிக் காயவும் வைத்துவிட்டேன்.

எழுதி முடித்த மறு நிமிடம்தான் உறைத்தது. ஐயையோ! பதினைந்து வருட ஆசிரியரைக் கற்பிக்கத் தெரியாதவர் என்று எட்டுப் பேர் பார்க்கும் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். சரி, திட்டியாயிற்று, அந்தப் பெண்ணுக்கு அதனால் என்ன கிடைத்தது? ஒரு மண்ணும் இல்லை. தலைமையாசிரியர் படிப்பார், முகம் சுளிப்பார், ஆறு "கண்டேன்" பக்கமே சாய்ந்து சிவப்பு மையில் "அவ்வாறே" என்று எழுதுவார். என் ஒரு வரியால் அவள் கதையை நானே முடித்துவைத்திருப்பேன்.

முறைப்படி அடுத்து அது தலைமையாசிரியரிடம் போக வேண்டும். நான் மூன்றாம் வகுப்புக்கு எடுத்துப் போனேன். இடைவேளை. அவர் மட்டும் இருந்தார், கூட்டிப் போடாத சாக்பீஸ் தூளுக்கு நடுவே.

"சார், நான் எழுதினதை நீங்க முதல்ல பாக்கணும். ஹெட்மாஸ்டர் மேசையில வெச்சு நீங்க பாக்கறது நல்லாருக்காது."

படித்தார். காது மடல் சிவந்தது. கத்துவார் என்று நின்றேன். புத்தகத்தை என் பக்கம் மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"நாப்பத்திரண்டு பேர் டீச்சர் என் கிளாஸ்ல. இந்த மூணு பேருக்கும் அ, ஆ போட்டுக்கிட்டு இருந்தா மத்த முப்பத்தொன்பது பேரும் சும்மா உக்காந்திருக்கானுங்க. இவங்களை விட்டுட்டுப் பாடம் நடத்துனா, இந்தப் பிள்ளைங்க முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்கு மட்டும் மனசு இல்லியா? வேற வழி இருந்தா எழுதுங்க. எழுதலியே நீங்க."

அது உண்மை. நான் வழி எதுவும் எழுதவில்லை. அவருடைய நாற்பத்திரண்டு எனக்குத் தெரியவும் தெரியாது. என்னிடம் இருபத்தாறு பேர்தான்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு அவரிடமே கேட்டேன்: "உங்களுக்கு எந்த நேரத்துல இந்த மூணு பேரும் ரொம்பக் கஷ்டம்?"

"தமிழ் வாசிப்பு, சொல்வதெழுதுதல். கணக்குல மூணும் புலி. மலாய்ல..." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலாய்ல எனக்கே திருத்தம் சொல்லுதுங்க. மலாய்ப் பாடம் நடத்தறப்ப அதுங்க கொட்டாவி விடுது."

மலாய் அப்போதுதான் தமிழ்ப்பள்ளிகளில் கட்டாயமாகியிருந்தது. வாத்தியார்களே இரவல் அகராதியோடு அலைந்த காலம். அந்தக் கொட்டாவியில்தான் எனக்கு வழி தெரிந்தது.

புத்தகத்தை என் அறைக்குக் கொண்டுவந்து, முதலில் அந்த வரியை ஒரே கோட்டால் அடித்தேன். கீழே எழுதினேன். இன்றும் ஏறக்குறைய அப்படியே நினைவிருக்கிறது.

"மேலே நான் எழுதியது தவறு. சக ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பத்திரண்டு பேர் வகுப்பில் மூவருக்குத் தனியாக எழுத்துச் சொல்லித்தர நேரமில்லை என்று அவர் சொல்வது முற்றிலும் சரி. எனினும் முதல் வகுப்பில் உட்கார வைப்பதை நான் ஏற்கவில்லை. மூத்த மாணவி வெட்கப்பட்டு நின்றுவிடுவாள் என்று அவள் தாய் என்னிடம் கூறினார். நின்றால் திரும்ப வரமாட்டாள். பதிலாக ஒரு யோசனை: மூவருக்கும் மலாய் நன்றாகத் தெரியும். மூன்றாம் வகுப்பில் மலாய்ப் பாடம் நடக்கும் நேரத்தில் அவர்களை என் அறைக்கு அனுப்பினால், என் மாணவர்கள் கையெழுத்துப் பயிற்சி செய்யும்போது நான் தமிழ் எழுத்துச் சொல்லித் தருகிறேன். வகுப்பு மாற வேண்டாம். தவணை முடிவில் ஒரு வாக்கியம் பிழையின்றி எழுதாவிட்டால், அவர் யோசனையையே நானும் ஏற்கிறேன்."

மறுபடி அவரிடமே கொண்டுபோனேன். படித்தார். என் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: "அடித்த வரியையும் படித்தேன். மற்றதற்குப் பதில்: முயன்று பார்க்கலாம். என் யோசனையைத் தவணை முடிவுவரை நிறுத்தி வைக்கிறேன்." தலைமையாசிரியரின் சிவப்பு மை மறுநாள் "அவ்வாறே" என்றது.

பிறகு தெரிந்தது என் வீறாப்பின் விலை. வாரத்துக்குச் சில அரைமணி நேரங்கள், அதற்குள் ஒரு மொழியின் எழுத்தையே ஏற்ற வேண்டும். சின்னவர்கள் இருவரும் கிடுகிடுவென்று பிடித்துக்கொண்டார்கள். பெரியவள்தான் திணறினாள். வாசிப்பாள், எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "பெலான், பெலான்" என்பேன், மெதுவாக எழுது என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு ஸ்லேட்டைத் துடைப்பாள். இரண்டு மாதம் போனது. அவளால் முடியாது என்று பஸ்ஸில் ஒரு நாள் அழுதுவிட்டேன். பக்கத்து இருக்கையிலிருந்த யாரோ ஒரு அம்மா கைக்குட்டை கொடுத்தார்.

தவணையின் கடைசி வாரத்தில் ஒரு நாள் அவள் என் அறைக்கு வரவில்லை. நின்றுவிட்டாளோ என்று பதறி மூன்றாம் வகுப்புக்கு ஓடினேன். மலாய்ப் பாடத்துக்குப் பிள்ளைகள் தாங்களே உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். பின்பெஞ்சில் அவள் பக்கத்தில், முழங்கால் இடிக்கக் குந்தியிருந்தார் சார். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க வாசிக்க வெச்சிட்டீங்க டீச்சர். எழுத்து எங்கிட்ட இருக்கட்டும். ரெண்டு வாரமா மத்தியானமும் எழுதிப் பாக்கறோம்" என்றார். எனக்குச் சொல்லவே இல்லை மனிதர்!

தேர்வு நாளன்று சுற்றுப் புத்தகம் மறுபடி சுற்றியது. அதே பக்கத்தில், சிவப்பு மைக்குக் கீழே, அவள் தேர்வை மட்டும் புத்தகத்திலேயே எழுத வைத்திருந்தார் சார். பென்சிலில், கோட்டுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கி, ஒரு வாக்கியம்:

"நான் மூன்றாம் வகுப்பில் படிக்கிறேன்."

அதற்குக் கீழே "கண்டேன்" என்று எழுதி முதல் கையெழுத்து அவர் போட்டிருந்தார். தொடர்ந்து ஆறு பேர். எல்லோரும் நிஜமாகவே கண்டிருந்தார்கள் அந்த முறை. ஏனென்றால் ஒவ்வொரு அறைக்கும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனதே அவள்தான். கடைசியாக என் அறை வாசலில் வந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"டீச்சர், நீங்க எழுதல" என்றாள், தமிழில்.

எழுதினேன். என் "கண்டேன்" மட்டும் மை பரவிப் போயிருந்தது.