பாரைக் காட்டாத மெழுகுவத்தி

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஐஸ் ஆலைக்கு எதிரே, ஒரு காலத்தில் என் செல்போன் ரிப்பேர் கடை இருந்தது. ரோட்டை அகலமாக்கியபோது அது போயிற்று. ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டால் இப்போதும் கை தானாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறது. அங்கே வந்து போன எத்தனையோ போன்களில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

கொண்டுவந்தவர் ஒரு மீன்பிடிக்காரர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போன் அப்படியே உறைந்து, அணைந்து, தானாகத் திரும்ப எழுந்தது.

"தங்கச்சி, இது என் தம்பி போனு, கடசி நாளு வீட்டுல விட்டுட்டுப் போனது. அவன் கடலோட போயி ஆறு மாசம் ஆச்சு. அங்கன ஒரு கடயில எல்லாத்தயும் அழிச்சுப் புதுசாக்கணும்னு சொல்லுதான். அழிச்சா தம்பி குறிச்சு வச்ச பார் எல்லாம் போயிருமே?"

பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. முத்துக் குளித்த காலத்தில் சிப்பிக்காகத் தேடினார்கள், இப்போது மீனுக்காக. எங்கள் அப்பா கோயில் கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே நேர்க்கோட்டில் பார்த்துப் பாரைக் கண்டுபிடிப்பார். இந்தத் தம்பியோ கடல் மேப் ஆப் ஒன்றில் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்துக் குறித்திருந்தான். வேறெங்கும் நகல் இல்லை. ஆப்பைத் திறந்தாலோ உடனே, மேப் வருவதற்குள்ளேயே போன் செத்துவிடும்.

"புதுசா எதாச்சும் ஆப் ஏத்துனீங்களாண்ணே?"

"மாதா மேல சத்தியமா ஒண்ணும் ஏத்தல."

போன் எழுந்த கையோடு பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தேன். திரையில் வந்த 'பவர் ஆஃப்' மீது விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். சேஃப் மோடுக்குப் போகவா என்று கேட்டது. சரி என்றேன். மூலையில் 'சேஃப் மோட்' என்ற எழுத்தோடு போன் திறந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு விக்கல் இல்லை.

"போன்ல கோளாறு இல்லண்ணே. பின்னால ஏத்துன ஆப் ஏதோ ஒண்ணுதான் பண்ணுது."

அவர் எட்டிப் பார்த்தார். மேப் ஆப் சாம்பல் பூத்துக் கிடந்தது, தொட்டால் திறக்கவில்லை.

"சேசுவே! பார் எல்லாம் போச்சா? மொகப்புல இருந்த மாதா படத்தயும் காணமே!"

"எதும் போகல. இறக்குன ஆப்பெல்லாம் இந்த மோடுல தூங்கும். சும்மா ஸ்டார்ட் பண்ணா எந்திரிச்சிரும்."

சொல்லிவிட்டு நான் என்ன செய்தேன்? ஒரு விளையாட்டை நீக்கி, சாதாரணமாக ஸ்டார்ட் செய்து பார்த்தேன். உறைந்தது. மறுபடி சேஃப் மோட், இன்னொன்றை நீக்கினேன். உறைந்தது. போனைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லும் ஆப்பையும் தூக்கினேன். அப்போதும் உறைந்தது. மிச்சம் மேப் ஆப்பும், முகப்பில் மாதாவுக்கு முன் மெழுகுவத்தி ஆடுகிற ஒரு ஆப்பும்தான். மடச்சி, அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்! கண்ணுக்கு முன்னால்தானே இருந்தது. ஆனால் நானும் மாதா பிள்ளை. என் கை அங்கே போகவே இல்லை.

"அண்ணே, இது எப்ப வந்துது?"

"கர ஒதுங்குன தம்பிய அடக்கம் பண்ண மறுநா. அணயாம எரியட்டும்னு வச்சேன்." போனைக் காட்டி, "அது மாதா படம்லா, அதுவும் ஆப்பா?" என்றார்.

ஆப்தான் என்றேன், அதை நீக்கிப் பார்ப்போம் என்றேன்.

"மாதாவ விட்டுரு, மேப் ஆப்பத் தூக்கிப் பாரேன்" என்று கெஞ்சினார். அதைத் தூக்கினால் பாரெல்லாம் அதோடு போய்விடும் என்றேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டு, போனைக் கையில் வாங்கி, நான் காட்டிய இடத்தில் தானே அழுத்தினார். மெழுகுவத்தி ஆப் போயிற்று. சாதாரணமாக ஸ்டார்ட் செய்தேன். ஐந்து நிமிடம், கால் மணி, ஒரு மணி நேரம். போன் ஒரு தரம்கூட உறையவில்லை.

மேப்பைத் திறந்தோம். நாற்பதுக்கு மேல் புள்ளிகள். முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு ஃபைலாக என் கம்ப்யூட்டருக்கு அனுப்பினேன். அப்புறமும் மனசு கேட்காமல் காகிதத்தில் எழுதச் சொன்னேன். அவர் பேரும் எண்ணுமாக வாசித்தார், நான் எழுதினேன். கடைசிப் புள்ளியை வாசிக்காமல் போனை என் பக்கம் திருப்பினார்.

எட்டிப் பார்த்தேன். 'அண்ணன் பார்' என்று இருந்தது. குறித்த நாள், அவன் கடலோடு போனதற்கு முந்திய நாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லயேலே, தம்பி" என்று சொல்லி, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். நானும் அழுதேன், வேறென்ன செய்ய?

போகும்போது காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு அண்ணன் பார்லதான் வல விடப் போறேன். மெழுகுத்திரிய இனி கோயில்ல போயி கையாலயே கொளுத்திக்கிடுதேன்" என்றார்.