அரை வரியில் அடங்கிய கெட்ட எண்ணம்

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் சுருக்கித் தருவேன் என்று மரக்காணத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதனால்தான் உப்பு உற்பத்தியாளர் சங்கச் செயலாளர், சங்கம் ஜெயித்த ஒரு வழக்கின் தீர்ப்போடு என் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, பதினாலு பக்கம் இங்கிலீஷ். ஒரு பக்கத்துல தமிழ்ல குடுங்க, போர்டுல ஒட்டணும். வெப்சைட் பேர் நமக்கு வந்துடுச்சுன்னா போதாது, எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க."

எப்படி என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சங்கத்து உப்புப் பாக்கெட்டின் பெயரை இணையத்தில் முந்திப் பதிந்தவன் என் தங்கை மகன், பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். சங்கத்துக்கு வெப்சைட் செய்து தரும் வேலை கிடைக்கும் என்று நினைத்துப் பதிந்தான். "சும்மா தூக்கிக் குடுக்காதடா" என்றேன். பதிவுச் செலவைப் போலப் பல மடங்கு விலை கேட்டு, தராவிட்டால் வேறு உப்புக் கம்பெனிக்கு விற்பதாக, அழகான ஆங்கிலத்தில் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அவன் பெயரில் போனது. சங்கம் வழக்குப் போட்டது.

தீர்ப்பில் நடுவர் அந்தக் கடிதத்தை முழுதாக மேற்கோள் காட்டியிருந்தார். என் ஆங்கிலத்தை இதுவரை யாரும் மேற்கோள் காட்டியதில்லை. வெட்கத்தோடு இரண்டு முறை படித்தேன்.

சுருக்கம் எழுதினேன். பெயர் சங்கத்தின் பதிவு பெற்ற டிரேட்மார்க், பல ஆண்டுகளாகப் பாக்கெட்டில் உள்ளது, இணையப் பெயரும் அதுவேதான்: பன்னிரண்டு வரி. எதிர்த்தரப்புக்கு அந்தப் பெயரில் வியாபாரமும் இல்லை, அனுமதியும் இல்லை. வெப்சைட் செய்யத்தான் பதிந்தேன் என்று அவன் சொல்வது உரிமை ஆகாது: நான்கு வரி. பெயரைச் சங்கத்துக்கு மாற்றித் தர உத்தரவு: எட்டு வரி. கெட்ட எண்ணத்தோடு பதிந்தானா என்ற கேள்விக்கு? "அதுவும் நிரூபணமானது." அரை வரி. கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

போர்டில் ஒட்டிய மறுநாள் டீக்கடையில் பேச்சு.

"ஏம்பா, அவன் கடையில ஆதார் நம்பர் குடுக்காத. அதையும் அவன் பேர்ல பதிஞ்சுடுவான்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு மாதத்தில் உப்பளத்துக்காரர் யாரும் அவன் கடைப்பக்கம் போவதில்லை என்றானது. ஒருநாள் போனேன். மூன்று கம்ப்யூட்டரும் அணைந்து கிடந்தன.

"மாமா, லெட்டர் நீங்க எழுதினதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. கடையத்தான் மூடிடலாம்னு இருக்கேன்" என்றான்.

நேராகச் சங்கத்துக்குப் போனேன். அந்த அரை வரிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: "விலை கேட்டு மிரட்டிய கடிதமே சான்று. அதை எழுதியவனும், அனுப்பச் சொன்னவனும் நான்."

வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"ஐயா, நோட்டீஸ்ல கிறுக்கக் கூடாதுங்க!"

"நான் எழுதின நோட்டீஸ்தான்பா."

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப கீழ கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. 'நான்'னா யாருன்னு என்னையில்ல கேப்பாங்க?"

போட்டேன்.