வடக்கு வெளிச்சம்

அரியலூரில் சிமெண்ட் மூட்டை அடுக்கும் குடோன், ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை ஷெட், பெரம்பலூரில் ரைஸ் மில்லுக்குக் கூரை. இவ்வளவும் மூணாங்கிளாஸோடு படிப்பை நிறுத்திய நான் வெல்டிங் வைத்து நிறுத்தியவை. முடியாது என்று சொன்னவர்கள் பிறகு அந்தக் கூரைகளுக்கு அடியிலேயே மழைக்கு ஒதுங்கினார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது பெரம்பலூர் காய்கறி மார்க்கெட். நடுவில் ஒரு தூண் கிடையாது, அறுபது அடிக்கு, கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ். கூரையின் ஒரு சரிவு மற்றதைவிட நாலடி உயர்ந்து நிற்கும். அந்த இடைவெளியில் வரிசையாகக் கண்ணாடி. கண்ணாடி வடக்கே பார்த்தால் வெளிச்சம் மட்டும் இறங்கும், வெயில் இறங்காது. இஞ்சினியரின் வரைபடத்தைப் பார்த்து, தரையில் சுண்ணாம்புக்கட்டியால் முழு அளவுக்குக் கோடு போட்டு, அதன்மேல் இரும்பை வைத்துப் பற்றவைத்தேன். ஒவ்வொரு டிரஸ்ஸின் வடக்கு முனையிலும் ‘வ’ என்று எழுதினேன்.

தை மாதம். முதல் டிரஸ்ஸைச் செயின் பிளாக் கப்பி போட்டுத் தூக்கி, போல்ட் இறுக்கி, நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்தியாயிற்று. நான் கீழே அடுத்ததற்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கீரைக்கூடையோடு சோறும் கொண்டுவந்தாள். குரும்பலூரிலிருந்து கீரைக்கட்டு எடுத்து வந்து விற்பவள் அவள்; இந்த மார்க்கெட் திறந்ததும் அவள் கடையும் இங்கேதான். அண்ணாந்து பார்த்தாள்.

“கண்ணாடி எந்தப் பக்கங்க வருது?”

“ஒசந்து நிக்குதே, அந்தப் பக்கம்.”

“அது தெக்கால ஆச்சே. இப்ப சூரியன் அங்கதான நிக்குது? எங்கீரை பத்து மணிக்கே தொவண்டுடும். வேணும்னா நீங்க வந்து குடை புடிங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். உயர்ந்த பக்கம் தெற்கேதான் நின்றது. தூக்கிய ஆட்களின் மேஸ்திரியைச் சத்தம் போட்டேன். “‘வ’ன்னு எழுதியிருந்தனே, பாக்கலையா?”

“பாத்துதாண்ணே வச்சோம். வாசப்பக்கம்னு நெனச்சோம்.”

வாசல் தெற்கே. அவன்மேல் குற்றமில்லை. மிச்ச எழுத்தையும் எழுதச் சோம்பல்பட்டவன் நான்.

“ஏத்துனதை எறக்குனா ஊரே சிரிக்கும்ணே. உட்ருங்க, கண்ணாடிக்குப் பெயிண்ட் அடிச்சிக்கலாம்.”

எனக்கும் அந்த ஆசை வந்தது. பெயிண்ட் அடித்தால் உள்ளே இருட்டு, அடிக்காவிட்டால் வெயில். அவள் கூடையின் ஈரத்துணியை இழுத்துக் கீரையை மூடினாள். அந்தக் கையைப் பார்த்துவிட்டு, “எறக்குடா” என்றேன்.

இறக்கித் திருப்பி ஏற்ற ஒரு முழுநாள் ஆனது. ஆட்கள் சிரித்தார்கள்தான். ஆனி, ஆடியில் உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாயுமே என்று, கண்ணாடிக்கு மேலே கூரைத் தகட்டை ரெண்டடி நீட்டியும் விட்டேன். அது வரைபடத்தில் இல்லாதது.

திறப்பு நாளில் அவள் கீரையைப் பரப்பினாள். மதியம் வரை வாடவில்லை. “பரவால்லியே” என்றாள். அவள் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

மேடையில் வெளிச்சத்தைப் பாராட்டியவர்கள் இஞ்சினியரை மட்டும் சொன்னார்கள். வரைந்தவர் அவர், மறுக்கவில்லை. ஆனால் தப்பாக நின்றதைத் திருப்பி நிறுத்தியவன் நான், கண்டுபிடித்தவள் ஒரு கீரைக்காரி. அந்த மார்க்கெட்டைப் பற்றி இனி யார் பேசினாலும், எழுதினாலும், எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.