கருவாடு போடாத குழம்பு

ராஜபாளையத்து நூல் மில்லில், பஞ்சு பிரிக்கும் இடத்தில், இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த இரைச்சலில் யாரும் பேச முடியாது. கையை ஆட்டினாலே போதும். கூச்சக்காரனான எனக்கு அது பெரிய நிம்மதி.

அந்த வேலையை விடச் சொன்னாள் என் மனைவி. பஞ்சுத் தூசி பட்டால் எனக்குத் தும்மலும் கண் அரிப்பும் வருவது வழக்கம். இந்தத் தடவை சளி பிடித்து, ஐந்தாம் நாள் குறைந்து, மறுபடி ஏறியது. மூக்கு அடைத்துக்கொண்டது. குனிந்தால் வலது கன்னம் கனத்தது. மேல் பல் வரை வலித்தது. அலர்ஜி மாத்திரைக்கும் கேட்கவில்லை.

பதிமூன்றாம் நாள், அடுப்பில் இருந்த பாலைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் அடுப்புக்கு முதுகைக் காட்டி, கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“பால் தீஞ்சு தெருவே நாறுது. பக்கத்துல இருந்துக்கிட்டு என்ன பண்ணுதீக?”

“வாசம் தெரியலட்டி.”

“நேத்து மட்டும் கருவாட்டுக் குழம்பு மணக்குன்னீக? அதுல கருவாடே போடல. வெறும் கத்திரிக்கா.”

சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உசுரைக் குடிக்கிற மில்லு வேண்டாங்க.”

அன்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் காது மூக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

“பஞ்சு அலர்ஜிம்மா. மில்லை விடச் சொல்லுங்க,” என்று முந்திக்கொண்டாள் மனைவி.

“அவரு சொல்லட்டும். சளி தண்ணியா, கெட்டியா? என்ன நிறம்?”

கதவு திறந்திருந்தது, வெளியே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறக்காவிட்டால் மில் போய்விடும்.

“கெட்டி… மஞ்சப் பச்சை. தொண்டையிலயும் இறங்குது.”

“தும்மல், அரிப்பு?”

“இந்தத் தடவை இல்ல.”

மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கன்னத்தை அழுத்தியபோது துள்ளிவிட்டேன்.

“அலர்ஜின்னா தண்ணியா ஒழுகும், அரிக்கும், தும்மல் வரும். சாதாரணச் சளி பத்து நாளுக்குள்ள பெரும்பாலும் இறங்கிரும். உங்களுக்குக் குறைஞ்சு திரும்ப ஏறிருக்கு, பத்து நாளும் தாண்டிருச்சு. இது சைனஸ், கன்ன எலும்புக்குள்ள சளி கட்டியிருக்கு.”

“அப்ப மில்லு?” நானாகவே கேட்டேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“விட வேண்டாம். ஆனா தூசி அலர்ஜியால மூக்கு வீங்கினா சைனஸோட வழி அடைஞ்சிரும். மாஸ்க் இல்லாம உள்ள போகாதீங்க.”

மருந்து எழுதினார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவச் சொன்னார். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ பார்வை மங்கினாலோ உடனே வரவேண்டும் என்றார்.

முதலில் கன்னத்துக் கனம் இறங்கியது. அடுத்த வாரம் ஒரு நாள், அவள் சட்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“கருவாடு,” என்றேன்.

“பொய் சொல்லாதீக.”

“சத்தியமா. லேசா அடியும் புடிச்சிருக்கு.”

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். துவைத்துக் காயப்போட்டிருந்த மாஸ்க்கை எடுத்து மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.