ஆயுத பூஜைக்குத் துடைத்த ரெகுலேட்டர்

எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டரைப் பற்றி அதிகம் தெரிந்தவன் நான்தான் என்று இரண்டு வருடம் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு அண்ணனின் வலது கை போனது.

அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளனாக இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலுக்குப் போனதே எங்களைச் சேர்ப்பதற்காகத்தான். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்று வெல்டிங் வேலைக்குப் போய்விட்டான். அவன் வேலைக்குப் போனதால் நான் பட்டம் வாங்கினேன். இதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மற்றவர்களிடம் சொல்லும்போது, "தம்பி லேப்ல கீறான், கெமிஸ்ட்ரி" என்பான். கெமிஸ்ட்ரி என்பதை அழுத்திச் சொல்வான்.

ஆய்வகத்தில் என் காலை வேலை ஒரே மாதிரிதான். சமையல் வாயு சிலிண்டர்கள் கட்டடத்துக்கு வெளியே கம்பிக் கூண்டுக்குள் நிற்கும்; அங்கிருந்து குழாய் உள்ளே வரும். கதவைத் திறந்ததும் லைட் போடக்கூடாது. முதலில் ஜன்னல். அந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதால் குனிந்து மோந்து பார்க்கவேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து, ரப்பர் ட்யூப் மாட்டியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் தடவவேண்டும். குமிழ் வந்தால் கசிவு. எல்லாம் எங்கள் வேதியியல் மிஸ் போட்ட விதி. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ட்யூபில் ஒரு வெடிப்பு இருந்தாலும் அன்றைக்கு பர்னர் எரியாது.

அண்ணன் கீழ்க்கட்டளையில் பட்டறை வைத்திருக்கிறான். கேட், ஜன்னல் கிரில், ஆட்டோவுக்குச் சின்னச் சின்ன ஒட்டு வேலை. அவனோடு அவன் வயசுள்ள ஒரு வெல்டர் வேலை செய்கிறார். அவரை நானும் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்பார்கள். வேலை கிடைத்த புதிதில் ஒருநாள் அங்கே போனபோது, வெல்டிங்குக்கு எரியும் அசெட்டிலின் வாயு வரும் ட்யூபின் இணைப்பில் வெல்டர் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். கசிந்தால் அங்கே பற்றிக்கொள்ளும், கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர்கள் வழக்கம்.

"இன்னா அண்ணா பண்றீங்க?" என்று பதறிப்போய் அவர் கையைப் பிடித்தேன். டீக்கடையில் டம்ளர் கழுவுகிற சோப்பை வாங்கி வந்து கரைத்துத் தடவினேன்.

"சார் துணி தொவைக்க வந்துகீறாரு மச்சான்," என்றார் வெல்டர்.

அப்போதுதான் ட்யூப் கிளிப்புக்குக் கீழே சின்னதாக நுரை கிளம்பியது. தீக்குச்சி காட்டாத இடம் அது. வெல்டர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் என் முதுகில் ஒரு தட்டு தட்டினான்.

அன்றிலிருந்து பட்டறையில் என் பேச்சுக்கு மரியாதை. சுவர் ஓரமாகச் சாத்தி வைத்திருந்த சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டச் சொன்னேன், கட்டினார்கள். ஆக்சிஜனையும் அசெட்டிலினையும் வேலை இல்லாதபோது பட்டறையின் இரண்டு கோடியில் வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். அசெட்டிலினை வண்டியில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தால், உள்ளே இருக்கும் அசிட்டோன் கீழே இறங்கும்வரை சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் திறக்கணும் என்றேன். "வேல கெடக்குது, இது வேற பேஜாரு," என்று வெல்டர் முணுமுணுத்தாலும் செய்தார். இதெல்லாம் சரியான விஷயங்கள்தான். நான் சொன்னவற்றில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவிவிட்டோம். எங்கள் பழக்கப்படி எல்லாக் கருவிகளையும் கழற்றி, துடைத்து, எண்ணெய் பூசி, மேஜைமேல் வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்போம். சுத்தியல், ஸ்பேனர், வைஸ், கிரைண்டர். தேங்காய் எண்ணெயில் நனைத்த துணி என் கையில் இருந்தது. சிலிண்டர்களை வெல்டர் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் ரெகுலேட்டரைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார்கள். ஒரு வருட அழுக்கு. பித்தளை கறுத்துப்போயிருந்தது.

அதை எடுத்துத் துடைத்தேன். சிலிண்டரில் முறுக்குகிற நட்டின் மரை இறுக்கமாக இருந்ததால் துணியின் முனையைத் திருகி உள்ளே விட்டுச் சுற்றினேன். பித்தளை பளபளத்தது. கடைசியில் அழுத்தம் காட்டும் மீட்டரின் கண்ணாடி. முள்ளுக்குக் கீழே சிவப்பு எழுத்தில் யூஸ் நோ ஆயில் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. படித்தேனா என்றால், படித்தேன். பஸ் போர்டைப் படிப்பதுபோலக் கண் அதன்மேல் போய்வந்தது. அந்த எழுத்து நன்றாகத் தெரியும்படி எண்ணெய்த் துணியால் இன்னொரு தடவை துடைத்தேன். அந்தப் பட்டறையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்தோம். அன்று கருவிகளை யாரும் தொடவில்லை. மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து வேலை ஆரம்பிக்கவேண்டும். எனக்கும் பள்ளி விடுமுறை.

அண்ணன் ஒரு பழக்கம் வைத்திருந்தான். ரெகுலேட்டர் மாட்டுவதற்கு முன்னால் சிலிண்டரின் வாயை ஒரு நொடி லேசாகத் திறந்து மூடுவான், உள்ளே தூசி இருந்தால் போகட்டும் என்று. பிறகு மாட்டி, ரெகுலேட்டர் திருகைத் தளர்த்திவிட்டு, மீட்டருக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று சிலிண்டர் சாவியைத் திருப்புவான். அன்றைக்கும் அப்படித்தான் செய்தான். தளர்த்தினான், ஒதுங்கினான், வலது கையால் சாவியைத் திருப்பினான்.

பட்டென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. ரெகுலேட்டரிலிருந்து வெள்ளையாக ஒரு தீ, ஊதியதுபோல் நீளமாக வந்தது. கண்ணாடி எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். வெல்டர் தண்ணீர்த் தொட்டியில் கிடந்த சாக்கை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு போய்ச் சாவியைத் திருப்பி மூடினார். நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன்.

எதிரே நின்றிருந்தால் முகம் போயிருக்கும் என்றார் மருத்துவமனையில் டாக்டர். விரல்களைப் பற்றி எதுவும் இப்போது சொல்லமுடியாது, ஆறட்டும் என்றார். அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டான். "வெல்டிங் டார்ச் புடிக்க முடியுமா சார்?" டாக்டர் கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதினார்.

"கம்பெனிக்காரன் இன்னாத்தையோ ரொப்பி அனுப்பிச்சிட்டான்," என்று வெல்டர் வார்டு வாசலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "பூசணிக்கா சரியா ஒடையல, அப்பவே நெனச்சேன்," என்றாள் அண்ணி. நான் கம்பெனிக்காரன் பக்கம் சாய்ந்தேன். வால்வில் ஏதாவது குறை இருக்கும் என்று விளக்கம்கூடச் சொன்னேன்.

விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனபோது மிஸ் விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஆக்சிஜனா, அசெட்டிலினா?"

"ஆக்சிஜன் மிஸ்."

"ஆக்சிஜன் தானா எரியாதே. மத்ததைத்தான் எரிய வைக்கும்." கொஞ்சம் யோசித்தார். "பூஜைக்கு எல்லாம் க்ளீன் பண்ணீங்கன்னு சொன்னீங்களே. எண்ணெய் ஏதாவது பட்டுச்சா? அவ்ளோ பிரஷர்ல வர்ற ஆக்சிஜன் எண்ணெய்ல மோதினா போதும், தீக்குச்சியே வேணாம். அதுவே பத்திக்கும்."

கையிலிருந்த சோதனைக் குழாய்களை மேஜையில் வைத்தேன். ஒன்றும் உடையவில்லை. மிஸ் என் முகத்தைப் பார்த்தார். "லீவ் வேணும்னா எடுத்துக்கோங்க," என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியமே வார்டுக்குப் போனேன். அண்ணி சாப்பிடப் போயிருந்தாள். அண்ணனின் கை கட்டுக்குள் தலையணைமேல் இருந்தது.

"அண்ணா, ரெகுலேட்டர எண்ணெய் போட்டு தொடச்சது நான். அதனாலதான்."

அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்டா."

"எப்ப தெரியும்?"

"நீ தொடைச்சிகினு கீறப்பவே பாத்தேன். வேல கத்துக்கறப்ப மொதல்ல சொல்லிக் குடுத்ததே அதான், ஆக்சிஜன் பக்கம் பிசுக்குக் கையோட போவாதன்னு. பாத்ததும் திக்குன்னு ஆச்சி. அப்பறம் நெனச்சேன், நாம தீக்குச்சி வெச்சிகினு கெடந்தோம், அது தப்புன்னு காட்டுனான். சிலிண்டர சாச்சி வெச்சிகினு இருந்தோம், அதும் தப்பு. இதும் பழைய ஆளுங்க கட்டிவுட்ட கதையாத்தான் இருக்கும். படிச்சவன் தெரிஞ்சிதானே செய்வான்னு வுட்டுட்டேன்."

அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கேட்டிருக்கலாமே அண்ணா."

"நீ கேட்டியா?" என்றான்.

பக்கத்துக் கட்டில்காரரின் போனில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி வந்ததும் நான் எழுந்தேன். "மச்சானாண்ட சொல்லாத," என்றான் அண்ணன் மெதுவாக. "அப்பறம் உம்பேச்ச ஒண்ணும் கேக்கமாட்டான்."

ஆனால் சொன்னேன். அடுத்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கப்போகிறவர் அவர்தான். கேட்டுவிட்டு அவர் திட்டவில்லை. "மூணு நாளா கம்பெனிக்காரன திட்டிகினு கீறேன்," என்றார், அவ்வளவுதான். அதன்பிறகு அவர் என்னைச் சார் என்று கிண்டல் செய்வதில்லை.

காயம் ஆறியது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவில்லை. டார்ச்சின் சின்னத் திருகைத் திருப்பிச் சுடரைச் சரிசெய்வது அந்த இரண்டு விரல்களின் வேலை. இடது கையால் பழகிப் பார்த்தான். ஒட்டு கோணலாக வந்தது. கேஸ் வேலை முழுக்க வெல்டர் தலைமேல் விழுந்தது. அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அளவு எடுக்கிறான், வாடிக்கையாளரிடம் பேசுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றவேண்டியிருந்தது. வெல்டர் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, காய்ந்த துணியில் துடைத்து, அண்ணனுக்கு முன்னால் போய் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். அண்ணன் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். இது எப்போது வந்த பழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

காலிச் சிலிண்டரை நகர்த்த நானும் கிட்டே போனேன்.

"நீயும் காட்டு," என்றான் அண்ணன்.

காட்டினேன். என் கையைத் தன் இடது கையால் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு என் தலையைப் பார்த்தான்.

"தலைக்கு எண்ணெய் வெச்சிகினு வந்துகீற. வெளிய நில்லு."

நான் போய்த் தெருவில் நின்றுகொண்டேன்.