அகீலா கேட்ட நீலம்

தில்லையடி ஊரில் அகீலாவைப் பிடிவாதக்காரி என்று ஒருவரும் சொன்னதில்லை. மாப்பிள்ளையை வாப்பா பார்த்தார், கலியாண நாளை மாமாமார் குறித்தார்கள், சேலையை உம்மா எடுத்தார். எல்லாவற்றுக்கும் ஓம், சரி என்றவள், கலியாணத்துக்குப் பிறகு தானும் புருஷனும் இருக்கப்போகிற பத்தடி அறைக்கு மட்டும் கடும் நீலம் கேட்டாள்.

நீலம் அடித்த சுவர் காய்ந்த காலையில், அறை வாசலில் நின்று பார்த்த உம்மா ஜுனைதா நெஞ்சில் கைவைத்தார்.

“அல்லாஹ்வே, கபுறுக்குழி மாதிரி இரிக்கி! அஸர் தொழுகைக்குப் பொறகு மாப்பிள்ள வீட்டுப் பொம்புளையள் அறை பாக்க வாராங்க. முத்தலிபு, வெள்ளைய அடிச்சி மறைங்க.”

பெயிண்டர் முத்தலிபு வெள்ளை வாளியைத் திறந்தேவிட்டார். உம்மா சொன்னது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. அறை அகீலாவையும் நெருக்கத்தான் செய்தது.

உள்ளே போய், கண் எங்கே முட்டுகிறது என்று பார்த்தாள். வெள்ளை நிலை, வெள்ளைக் கதவு, சுவரின் உச்சியில் ஒரு சாண் வெள்ளைப் பட்டி. ஊர் வழக்கப்படி முத்தலிபு விட்டுவைத்தவை. நீலம் ஒவ்வொரு வெள்ளைக் கோட்டிலும் போய் அறுந்தது. பட்டியோ சுவரைக் குட்டையாக்கியது. போதாததற்குச் சீதன அலுமாரி. வருகிறவர்கள் வாசலிலேயே காணட்டும் என்று உம்மா அதை ஜன்னலை மறைத்து நிறுத்தியிருந்தார். சீர் காட்டப்போய் வெளிச்சத்தை வெளியே தள்ளிய கதை.

“முத்தலிபு நானா, வெள்ளைய மூடி வைங்க. நிலைக்கும் பட்டிக்கும் இதே நீலத்த அடிங்க. சீலிங் மட்டும் வெள்ளையா இரிக்கட்டும்.”

“நிலைக்கு எனமல் அடிக்கணும், தங்கச்சி. அஸருக்குள்ள காயாது.”

“காயாட்டி இரிக்கட்டும். வெள்ளைக் கதவக் கழட்டி வீட்டுக்குப் பின்னுக்கு வைங்க.”

“சனம் சிரிக்கும்” என்றார் உம்மா.

“சிரிக்கட்டும் உம்மா. இதில மட்டும் என்ட சொல்லக் கேளுங்க.” அவள் அலுமாரியைத் தள்ளப் போனாள்.

உம்மா அதன் மறுமுனையை வந்து பிடித்தார். இருவருமாக அதை ஜன்னலுக்கு எதிர்ச்சுவருக்குத் தள்ளினார்கள். அதன் கண்ணாடி வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் கொட்டியது. முத்தலிபு அடித்து முடித்தபோது பட்டியும் நிலையும் நீலமாகி, சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

அஸர் முடிந்து பெண்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா றுக்கியா, யாரும் தடுப்பதற்குள் நிலையைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். உள்ளங்கை முழுக்க நீலம். ஜுனைதாவின் முகம் வெளிறியது.

றுக்கியா கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கட்டிலில் உட்கார்ந்தார்.

“வெளிய நிண்டு பாக்கச் சின்னக் கூடெண்டு நெனச்சேன். உள்ளுக்கு நல்ல விசாலம். இந்த நெறம் ஆர்ட தெரிவு?”

உம்மா பழியைப் பெயிண்டர் தலையில் போட்டுவிடுவார் என்று அகீலா பயந்தாள்.

“என்ட மகள்ட” என்றார் உம்மா. “நான் வேணாமெண்டேன். அவ கேக்கல்ல.” அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

கலியாணம் பேசி முடித்த அன்றுகூட அழாத அகீலா, குசினி அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதாள்.